இலைக் கணக்கிலிருந்து தொடங்குதல்: சிறு மண்டபத்தில் நடக்கும் நிச்சயதார்த்தத்தின் செலவு மதிப்பீடு

நிச்சயதார்த்தத்துக்கு ஆகும் செலவை உணவு, பூ, புகைப்படம், சடங்கு என்று தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதுவதே குடும்பங்களின் வழக்கம். பணம் யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதைக் காட்ட இப்பிரிவு போதும். ஆனால் தொகை எதனால் கூடுகிறது, எதைக் குறைத்தால் உண்மையில் குறைகிறது என்பதை அது காட்டுவதில்லை. மதிப்பீட்டுக்கு உதவும் பிரிவு வேறொன்று: சாப்பிடுவோரின் எண்ணிக்கையோடு கூடிக் குறையும் செலவு, மண்டபத்தில் இருக்கும் மணி நேரத்தோடு கூடும் செலவு, எந்த நாள் என்பதைப் பொறுத்து மாறும் செலவு. சமையல் ஒப்பந்தக்காரர்கள் சாப்பாட்டை ‘இலை’ என்ற அலகில் எண்ணுவதால், முதல் வகையை இலைச் செலவு என்று அழைக்கலாம். ஓர் இலையின் விலை தெரிந்துவிட்டால், பிற செலவுகளையும் அதே இலையால் அளந்து பார்க்க முடியும் என்பது இம்முறையின் தனி வசதி.

இந்த அத்தியாயம் மதுரையில் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், ‘மினி ஹால்’ எனப்படும் சிறு மண்டபத்தில், பெண் வீட்டார் நடத்தும் நிச்சயதார்த்தத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. செலவை எந்த வீட்டார் ஏற்பது என்பது சமூகத்துக்குச் சமூகம் மாறுவதாலும், இரு வீட்டாரும் பாதிப் பாதியாகப் பகிர்வது இப்போது பரவலாகிவருவதாலும், பட்டியலின் ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் பொறுப்பாளர் யார் என்று எழுதிக்கொள்வது நல்லது. கீழே வரும் விலைகள் கணக்கு முறையை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. ஒவ்வொரு குடும்பமும் தன் ஊரில் கேட்டறிந்த விலையை அந்த இடத்தில் இட்டுக்கொள்ள வேண்டும். மோதிரமும் நிச்சயப் புடவையும் விழா நடந்தாலும் நடக்காவிட்டாலும் வாங்கப்படுபவை என்பதால் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

எத்தனை பேர் வருவார்கள் என்ற கேள்விக்கு ‘நூறு, நூற்றைம்பது பேர்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படும் பதிலே பெரும்பாலான மதிப்பீடுகள் தவறுவதற்கு முதற்காரணம். அழைப்பவர்களைக் குடும்பம் குடும்பமாக எழுதி, மூன்று விதமாக எண்ணினால் எண்ணிக்கை பெரும்பாலும் நெருங்கி வரும். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்னும் நெருங்கிய வட்டத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எண்ண வேண்டும். ஏனெனில் அங்கிருந்து குழந்தைகளும் முதியவர்களும் உட்பட எல்லோரும் வருவார்கள். தூரத்து உறவினர்களைக் குடும்பத்துக்கு இருவர் என்றும், அண்டை வீட்டாரையும் அலுவலக நண்பர்களையும் அழைப்புக்கு ஒருவர் அல்லது ஒன்றரைப் பேர் என்றும் கொள்ளலாம். எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் நெருங்கிய வட்டம் 38 பேர். தூரத்து உறவு 14 குடும்பங்கள் என்பதால் 28 பேர். மற்ற அழைப்புகள் 10, அவற்றிலிருந்து 14 பேர். ஆகப் பெண் வீட்டுப் பக்கம் 80.

மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே எழுதிக்கொள்வதைவிட, அவர்கள் எந்த வண்டிகளில் வருகிறார்கள் என்று கேட்பது மேல். ‘முப்பத்தைந்து பேர் வருகிறோம்’ என்று சொன்ன வீட்டிலிருந்து 20 பேர் அமரும் வேன் ஒன்றும் கார்கள் ஐந்தும் புறப்படுமானால், 40 என்றே கணக்கிட வேண்டும். வண்டியில் காலி இடம் இருப்பதைப் பார்த்துக் கடைசி நேரத்தில் யாராவது ஏறிக்கொள்வது எங்கும் நடப்பதுதான். இரு பக்கமும் சேர்ந்து 120 ஆகிறது. புரோகிதர், மேளக்காரர்கள், புகைப்படக்காரர்கள், வேன் ஓட்டுநர், மண்டபத்து ஆட்கள் என்று உழைக்க வருகிறவர்கள் சுமார் 10 பேர்; இவர்களும் இலையில் உட்காருபவர்களே என்பதைப் பல பட்டியல்கள் மறந்துவிடுகின்றன. எனவே மதிப்பீட்டுக்குரிய எண்ணிக்கை 130 இலை.

இந்த எண்ணிக்கையைச் சமையல்காரரிடம் அப்படியே உறுதி சொல்லத் தேவையில்லை. அவர்கள் ‘குறைந்தபட்ச இலை’ என்று ஓர் எண்ணிக்கையைக் கேட்பார்கள். விழா நாளில் அதைவிடக் குறைவாகச் சாப்பிட்டாலும் அந்த எண்ணிக்கைக்குப் பணம் தந்தாக வேண்டும், அதிகமானால் அதிகமான இலைக்கும் தர வேண்டும். 130 எதிர்பார்க்கும் குடும்பம் 115 என்று உறுதி கூறி, 140 வரை தாங்கும்படி சமைக்கச் சொல்வது பொருத்தம். இதற்குச் சமையல்காரர் ஒப்புக்கொண்டாரா என்பது வாய்ப்பேச்சில் நிற்காமல், முன்பணச் சீட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எத்தனை வேளை சாப்பாடு என்பதை முடிவு செய்வது பசியன்று, முகூர்த்த நேரமே. முகூர்த்தம் 9 மணிக்கு என்றால் வெளியூரிலிருந்து வருவோருக்குக் காலைச் சிற்றுண்டியும் பின்னர் மதியச் சாப்பாடும் தர நேரிடும். ஆளுக்கு இரண்டு இலை ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமையில் இராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை, எமகண்டம் பகல் 12 முதல் 1.30 வரை என்பதால், அந்நாளில் குடும்பங்கள் பெரும்பாலும் முற்பகல் 10.30 முதல் 12 வரையோ மாலை 6 மணிக்கு மேலோ நேரம் குறிக்கின்றன. மாலை விழாவுக்கு ஒரே வேளை டிபன் போதும் என்பது உண்மையே. ஆனால் பிற்பகல் 3 மணிக்கு மண்டபத்தைத் திறந்துவிட்டு 6 மணி வரை காத்திருக்கும் நேரத்துக்கும் ஏசி ஓடும், வந்தவர்களுக்குக் காபி தந்தாக வேண்டும். 10.30 முகூர்த்தத்தில் வந்ததும் காபியும் சிறு பலகாரமும், சடங்கு முடிந்ததும் சாப்பாடு என்று முடித்துவிடலாம் என்பதால் எடுத்துக்காட்டுக் குடும்பம் அதையே தேர்கிறது.

சாப்பாடு இலை ஒன்றுக்கு 280 ரூபாய் என்று கொண்டால், 130 இலைக்கு 36,400 ரூபாய். வரவேற்புக் காபியும் பலகாரமும் 110 பேருக்கு, தலைக்கு 45 ரூபாய் வீதம் 4,950 ரூபாய். சிறிய தண்ணீர் பாட்டில் 150, ஒன்று 7 ரூபாய் வீதம் 1,050 ரூபாய். ஆக உணவுக்கு 42,400 ரூபாய். வாழையிலை, பரிமாறும் ஆட்கள், எரிவாயு, பாத்திர வாடகை ஆகியவை இலை விலைக்குள் அடங்குமா, வெளியே நிற்குமா என்பதையும், ஜிஎஸ்டி சேர்ந்த விலையா சேராத விலையா என்பதையும் கேட்டுத் தெளிவுபெறாமல் இரண்டு சமையல்காரர்களின் விலையை ஒப்பிடுவது பயனற்றது. 250 ரூபாய்க்குச் சொல்லிவிட்டுப் பரிமாறுபவர் கூலியைத் தனியாக வாங்குகிறவர், 280 ரூபாய்க்கு எல்லாம் அடக்கம் என்பவரைவிட மலிவானவராக இருக்க வேண்டியதில்லை.

சமையல்காரர் சொன்ன அளவுக்குச் சமைத்திருக்கிறாரா என்பதை அறியச் சோற்றையும் சாம்பாரையும் பார்ப்பதில் பலனில்லை. சாம்பார் வெந்நீரால் நீளும், சோறு அவசரத்தில் மீண்டும் வடிக்கப்படும். இனிப்பு, வடை, அப்பளம் ஆகியவை எண்ணிப் போடும் பண்டங்கள் என்பதால் அவற்றில் ஒளிவுமறைவுக்கு இடமில்லை. காலை 10 மணிக்குச் சமையற்கட்டுக்குப் போய், வடைக்கு எத்தனை தட்டு வைத்திருக்கிறார்கள், தட்டுக்கு எத்தனை வடை என்று பார்த்தாலே போதும். 140 பேருக்குச் சொல்லியிருக்கும்போது 110 வடை இருந்தால், மூன்றாம் பந்திக்கு என்ன வரும் என்பது அப்போதே தெரிந்துவிடும். காபியில் பாலே சாட்சி. லிட்டருக்குப் பத்துப் பதினோரு கோப்பை என்பது நல்ல காபியின் அளவு; 110 கோப்பைக்கு 6 லிட்டர் பால் பாக்கெட்டுகளோடு வருகிறவர் தண்ணீரை நம்பி வந்திருக்கிறார்.

இலைகளை எண்ணுவதில்தான் விழா முடிந்த பின் சச்சரவு எழுகிறது. கட்டில் மிஞ்சிய இலைகளைக் கொண்டு கணக்கிட்டால் கிழிந்த இலைகளும் இரட்டையாகப் போட்ட இலைகளும் கணக்கில் ஏறிவிடும். பந்தி உட்கார்ந்ததும் வரிசை வரிசையாகத் தலைகளை எண்ணி, சமையல் மேற்பார்வையாளரும் குடும்பத்தில் ஒருவரும் ஒரே தாளில் குறித்துக்கொள்வதே தீர்வு. இவ்வேலையைப் பெண்ணின் தந்தையிடம் விட்டால் நடக்காது. சடங்கில் வேலை இல்லாத ஒரு மருமகனோ அண்ணன் மகனோ ஏற்றுக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பந்திகளின் கணக்கு மண்டப நேரத்தையும் தீர்மானிக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் 48 பேர் அமர முடிந்தால் 130 இலைக்கு மூன்று பந்தி. இலை எடுத்துத் துடைத்து மறுபடி போடுவதையும் சேர்த்துப் பந்திக்கு 35 முதல் 40 நிமிடம். 12 மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தால் மூன்றாவது எழுந்திருக்கக் கிட்டத்தட்ட 2 மணி. அதற்குப் பிறகுதான் வேலையாட்கள் சாப்பிடுவதும் பாத்திரம் ஏற்றுவதும் நடக்கும். அரைநாள் வாடகை 2 மணியோடு முடியும் மண்டபத்தில் இந்நிகழ்ச்சி எப்படியும் ஒரு மணி நேரம் மிஞ்சும். அந்த நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்பதை முன்பதிவின்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மண்டப வாடகையாகச் சொல்லப்படும் தொகை கட்டணத்தின் ஒரு பகுதிதான். அரைநாளுக்கு 20,000 ரூபாய் என்றால், ஜிஎஸ்டி பதிவு பெற்ற மண்டபத்தில் 18 விழுக்காடு வரி சேர்ந்து அது 23,600 ரூபாய் ஆகிறது. மின்சாரத்தைப் பெரும்பாலான மண்டபங்கள் மீட்டர் கணக்கில் தனியாக வாங்குகின்றன. 60 யூனிட், மண்டபம் வைத்திருக்கும் விலை யூனிட்டுக்கு 25 ரூபாய் என்றால் 1,500 ரூபாய். துப்புரவுக்கு 2,000 ரூபாயும், மின்தடை வந்தால் ஜெனரேட்டர் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு 1,500 ரூபாயும் சேர்ந்து மண்டபத்துக்கு 28,600 ரூபாய். திருப்பித் தரப்படும் காப்புத்தொகை செலவன்று என்றாலும், அந்தப் பணம் விழா நாளில் கையில் இருக்காது என்பதால் ரொக்கத் தேவையில் அதையும் எண்ண வேண்டும். வெளிச்சமையலுக்கு அனுமதி உண்டா என்பதே மண்டபத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இல்லையென்றால் மேலே சொன்ன இலைப் பேரம் எதற்கும் இடமில்லை.

நாளைப் பொறுத்து மாறும் செலவில் பூவே முதன்மையானது. மல்லிகைச் செடி குளிர்காலத்தில் குறைவாகப் பூக்கும். அதே பருவத்தில் தை பிறந்து முகூர்த்தங்கள் நெருக்கமாக வருவதால், வரத்துக் குறைவும் தேவை மிகுதியும் ஒரே நாளில் சந்திக்கின்றன. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்திருந்தாலும், உள்ளூர்க்காரருக்கு அதனால் தையில் பூ மலிவாகிவிடவில்லை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் விலை, அதற்கு முந்தைய வாரத்து விலையோடு ஒப்பிடவே முடியாதபடி ஏறியிருக்கும். எனவே சாதாரண நாளில் விசாரித்த விலையைத் தை முகூர்த்தத்துக்கு எழுதுவது பிழை.

மல்லிகைச் சரம் முழத்தால் விற்கப்படுகிறது. முழம் என்பது முழங்கையிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளம். விற்பவரின் கையே அளவுகோல் என்பதால் அது ஆளுக்கு ஆள் மாறும். அதைவிடப் பெரிய வேறுபாடு கட்டில் இருக்கிறது: நெருக்கமாகக் கட்டிய சரத்தையும் நார் தெரியுமாறு கலக்கமாகக் கட்டிய சரத்தையும் ஒரே முழ விலையில் ஒப்பிட முடியாது. வரும் பெண்கள் 60 பேருக்கு ஆளுக்கு ஒரு முழம் தருவதானால், முழம் 80 ரூபாய் வீதம் 4,800 ரூபாய். ஒரு முழத்துக்கு இரண்டு சாண் என்பதால், ஆளுக்கு ஒரு சாண் நெருக்கக் கட்டாகக் கொடுத்தால் 30 முழம், அதாவது 2,400 ரூபாய் போதும். தலையில் வைக்கும்போது அது குறைவாகத் தெரிவதுமில்லை. ரோஜாவும் சம்பங்கியும் கலந்த மாலை ஜோடிக்கு 3,000 ரூபாய், தட்டுக்கும் பூசைக்கும் உதிரிப்பூ 1,000 ரூபாய் என்று சேர்க்கலாம்.

மேடை அலங்காரத்துக்கு 14,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இலைக் கணக்கில் அது 50 இலைக்குச் சமம். 48 பேர் அமரும் ஒரு பந்திக்கும் மேல். அலங்காரக்காரர்கள் மேடையின் முழு அகலத்துக்கும் விலை சொல்வார்கள். ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் அமரும் நடுப்பகுதி பத்துப் பன்னிரண்டு அடிதான் படத்தில் விழும். 24 அடி மேடையை ஓரம் வரை நிரப்புவது, நிச்சயதார்த்தம் போன்ற சிறு நிகழ்ச்சிக்குத் தேவையற்றது என்றே சொல்ல வேண்டும். ஓரங்களில் துணித் திரையும் நடுவில் மட்டும் செவ்வந்தியும் சம்பங்கியும் என்று கேட்டால் விலை இறங்கும். பூவுக்கு ஆகும் மொத்தம் 20,400 ரூபாய்.

புகைப்படத்தில் ஆளையும் பொருளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு புகைப்படக்காரர், ஒரு வீடியோக்காரர், ஐந்து மணி நேரம் என்பதற்கு 18,000 ரூபாய். 20 தாள் கொண்ட ஆல்பத்துக்கு 7,000 ரூபாய். ஆக 25,000 ரூபாய். ஆல்பத்தின் விலை மட்டும் 25 இலை. கல்யாணத்துக்கும் அதே புகைப்படக்காரரை அமர்த்தும் எண்ணம் இருந்தால், நிச்சயப் படங்களைக் கல்யாண ஆல்பத்தின் முதல் சில தாள்களில் சேர்த்துக்கொண்டு இந்தச் செலவைத் தவிர்க்கலாம். திருத்தாத மூலப் படங்கள் முழுவதும் கிடைக்குமா, எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்பவை எழுத்தில் இல்லாவிட்டால், மீதிப் பணத்தை விழா நாளிலேயே தீர்த்துவிடாமல் படங்கள் கைக்கு வரும்வரை ஒரு பகுதியை நிறுத்திவைப்பதே பாதுகாப்பு.

சடங்குக்கு ஆகும் பொருட்கள் சில்லறையானவை. எண்ணிக்கையில்தான் அவை வளர்கின்றன. மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்துப் பூசை, திருமண நாளையும் நேரத்தையும் குறித்த லக்னப் பத்திரிகையை வாசித்தல், இரு வீட்டாரும் தாம்பூலத் தட்டு மாற்றுதல், மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த புடவையைப் பெண் உடுத்தி வருதல், மோதிரம் மாற்றுதல் என்ற வரிசைக்குப் புரோகிதர் தட்சிணை 4,000 ரூபாயும் பூசைப் பொருள் 1,500 ரூபாயும் ஆகலாம். வரிசைத் தட்டுகள் ஒற்றைப்படையில் வைக்கப்படுவதால் 9 போதாதென்றால் அடுத்தது 11தான்; 11 தட்டுகளுக்குப் பழம், இனிப்பு, தேங்காய், கற்கண்டு ஆகியவற்றுக்கு 8,000 ரூபாய். எத்தனை தட்டு என்பதை இரு வீட்டாரும் முன்பே பேசிக்கொள்ளாவிட்டால், எதிர்த்தரப்பு 11 கொண்டுவரும் செய்தி முந்தைய நாள் இரவு வந்து சேர்ந்து, இரவோடு இரவாகக் கடைத்தெருவில் இரட்டை விலைக்குப் பழம் வாங்க நேரிடும்.

விடைபெறும்போது தரும் தாம்பூலப் பை, சிறு தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் எல்லாம் சேர்த்து 60 ரூபாய். 75 பைக்கு 4,500 ரூபாய். ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலும் இரண்டு மணி நேரத்துக்கு 6,000 ரூபாய் என்று சேர்த்தால் சடங்கின் மொத்தம் 24,000 ரூபாய். ஆட்டோ, சுமைகூலி, பரிமாறியவர்களுக்கும் காவலாளிக்கும் தரும் அன்பளிப்பு என்று 4,000 ரூபாய் ஒதுக்கினால், எல்லாம் கூடி 1,44,400 ரூபாய் வருகிறது.

இத்தொகைக்கு மேல் ‘பத்து விழுக்காடு’ என்று கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குவதைவிட, எவை தவறக்கூடும் என்று பார்த்து ஒதுக்குவது துல்லியமானது. 20 இலை கூடினால் 5,600 ரூபாய். மண்டபத்தில் ஒரு மணி நேரம் மிஞ்சினால் 2,500 ரூபாய். மல்லிகை இருமடங்கானால் 2,400 ரூபாய். ஆக 10,500 ரூபாய். கையில் இருக்க வேண்டிய தொகை, காப்புத்தொகை நீங்கலாக, 1,54,900 ரூபாய்.

செலவு மிகுதியென்று தோன்றும்போது அழைப்புப் பட்டியலில் கை வைப்பதே குடும்பங்களின் முதல் எண்ணம். மேலுள்ள கணக்கில் இலையோடு மாறுபவை உணவு 42,400, தாம்பூலப் பை 4,500, தலைக்குப் பூ 2,400 ஆகியவை மட்டுமே. சேர்ந்து 49,300 ரூபாய், அதாவது 1,44,400 ரூபாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. முப்பது பேரை அழைக்காமல் விட்டால் மிச்சமாவது சுமார் 11,000 ரூபாய். வருகிறவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவரை நீக்கியும் மொத்தச் செலவு 8 விழுக்காடுதான் குறைகிறது. தனி ஆல்பத்தைக் கைவிட்டு, மேடை அலங்காரத்தை 14,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தால் 12,000 ரூபாய் மிஞ்சுகிறது. அதற்காக எந்தச் சித்தப்பாவிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. சமையல்காரரின் குறைந்தபட்ச இலை 115 என்று எழுதியாகிவிட்ட பிறகு ஆட்களைக் குறைத்தால், அந்த 11,000 ரூபாயும் முழுமையாகக் கிடைக்காது.

விழா நாளில் மண்டபச் சாவியைப் பெற்றவுடன் மின்மீட்டரின் எண்ணைக் கைபேசியில் படமெடுத்து, பாத்திரப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். திரும்பத் தரும்போதும் அவ்வாறே செய்ய வேண்டும். எண்ணிக்கை எழுதாமல் வாங்கிய கரண்டிகளும் அன்னவெட்டிகளும் காப்புத்தொகையில் ‘காணாமற்போனவை’ என்ற பெயரில் கழிக்கப்படும்போது, மறுத்துப் பேசக் கையில் தாள் எதுவும் இருப்பதில்லை.